அது வேற தாள்

முதல் தேதி காலையில் வார்டனம்மா கையில் நோட்டோடு படியேறினால், விடுதிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, "குழாய் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாச்சுடி" என்று சிரிப்பார்கள். சிரிப்பதில் தப்பு சொல்ல முடியாது. ஒவ்வொரு குழாயையும் திறப்பாள், மூடுவாள், மூடிய பிறகும் ஒழுகுகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பாள். சாக்கடைத் துளையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அது இறங்கும்வரை மணி பார்த்துக்கொண்டு நிற்பாள். வேலைக்குப் போகும் பெண்கள் அறுபது பேர் தங்கியிருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்தில், பதினாறு குளியலறைகளின் சுகவீனமும் அவளுக்கு அத்துப்படி.

பதினொரு வருஷமாக இதுதான் வழக்கம். பார்த்ததையெல்லாம் நோட்டில் குறித்து, அலுவலக அறைக்கு இறங்கி வந்து, பராமரிப்பு கான்ட்ராக்டருக்குக் கடிதம் எழுதுவாள். கான்ட்ராக்டர் ஒரு சட்டம் போட்டிருந்தார். "பிளம்பருக்கு ஒரு தாள், எலக்ட்ரீஷியனுக்கு ஒரு தாள்னு பிரிச்சு எழுதிடுங்க மேடம். அவனவன் தாளை அவனவன் எடுத்துட்டு வருவான். ஒருத்தன் வேலையில ஒருத்தன் கை வச்சா அப்புறம் எனக்குப் பஞ்சாயத்து பண்ணவே நேரம் சரியாப் போயிடும்." எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள் வார்டனம்மா. அன்றிலிருந்து இரண்டு தாள். இரண்டிலும் கோடு போட்டு, எண் போட்டு, இடம், பழுது, எத்தனை நாளாக என்று மூன்று பத்தி. அந்தக் கடிதத்தைப் பார்த்தால் அச்சடித்ததோ என்று தோன்றும்.

அந்த மாதம் பிளம்பர் தாளில் பதினான்கு இனங்கள் இருந்தன. தரைத்தளம் இரண்டாவது குளியலறை, குழாய் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகுகிறது, வாஷர் தேய்ந்திருக்கலாம். முதல் மாடி நான்காவது குளியலறை, சாக்கடையில் முடி அடைத்துத் தண்ணீர் கணுக்கால்வரை நிற்கிறது. இப்படிப் போய், பதினோராவது: இரண்டாம் மாடி கீசரின் அடியில் உள்ள வால்விலிருந்து ஓயாமல் தண்ணீர் சொட்டுகிறது, தரையில் பாசி பிடித்துவிட்டது, பதினைந்து நாளாக.

எலக்ட்ரீஷியன் தாளில் மூன்றே இனங்கள். அதில் மூன்றாவது: இரண்டாம் மாடி கீசரின் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை, தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது, பதினைந்து நாளாக.

ஒரே கீசர், ஒரே பதினைந்து நாள். இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருந்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்கும். தனித்தனித் தாளில், தனித்தனி எண்ணில், அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. எழுதிய கைக்கும் தோன்றவில்லை.

அந்தச் சொட்டைக் கண்டு அலுத்துக்கொள்ளாத ஒரே ஆள் துப்புரவு வேலை பார்க்கிறவள்தான். விடுதிப் பெண்கள் அவளை வாளியக்கா என்பார்கள். எங்கே ஒழுகினாலும் கத்த மாட்டாள், புலம்ப மாட்டாள், ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். நிரம்பியதும் அந்தத் தண்ணீரிலேயே தரையைக் கழுவிவிட்டு மறுபடி வைப்பாள். கட்டடத்தில் அவள் வாளி ஏழு இருந்தன. "இந்தக் கட்டடத்துல யாரு வேலை செய்யலன்னாலும் என் வாளி வேலை செய்யும்மா" என்பாள். இரண்டாம் மாடி கீசருக்கு அடியில் இருந்தது நீல வாளி. அரை நாளில் நிரம்பிவிடும்.

ஐந்தாம் தேதி பிளம்பர் வந்தான். முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இனமாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தான். வாஷர் மாற்றினான். கம்பியை விட்டுச் சாக்கடையிலிருந்து தலைமுடிப் பந்தை இழுத்துப் போட்டான். மத்தியானம் இரண்டாம் மாடிக்கு வந்து, கீசருக்குக் கீழே ஏணி போட்டு நின்றவன், இறங்கி வந்து அலுவலக அறை வாசலில் நின்றான்.

அன்றைக்குப் பார்த்து வார்டனம்மாவுக்குத் தலைக்கு மேல் வேலை. சாயங்காலம் நான்கு மணிக்கு நிர்வாகச் செயலாளர் பார்வையிட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். போன முறை வந்தபோது அந்தப் பாசியில் அவர் கால் வழுக்கி, சுவரைப் பிடித்து நின்றார். விழவில்லை, ஆனால் விழுந்ததைவிட அதிகமாகக் கோபப்பட்டார். "ஒரு சொட்டுத் தண்ணியை நிறுத்த முடியலைன்னா நீங்க எதுக்கு இங்க?" என்று பெண்கள் முன்னால் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி பத்து நாளாக அவள் காதில்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்த கீசர் வால்வு கெட்டுப்போகல" என்றான் பிளம்பர்.

"கெட்டுப்போகாமத்தான் சொட்டுதா?"

"அது சொட்டத்தாம்மா வச்சிருக்காங்க. உள்ள போன தண்ணி திரும்ப மேல போகாது. சூடு ஏறி உள்ள அழுத்தம் கூடினா, வெளிய வர்றதுக்கு அந்த மூக்கு ஒண்ணுதான் வழி. இவ்வளவு சொட்டுதுன்னா உள்ள சூடு நிக்காம ஏறுதுன்னு அர்த்தம். சூடு ஏறினதும் கரண்ட்டை நிறுத்துற தெர்மோஸ்டாட்டைப் பார்க்கணும்."

"அதுக்கு எலக்ட்ரீஷியன் வருவார். எழுதியிருக்கேன். அது வேற தாள்."

"அவர் இருபதாம் தேதிதாம்மா வர்றாரு. அதுவரைக்கும் சொட்டட்டும். இல்லேன்னா கீசரை நிறுத்திடுங்க."

"கீசரை நிறுத்தினா அந்த மாடியில இருபது பேரு என்னைப் பிச்சுப் பிடுங்கிடுவாங்க. உங்க தாள்ல என்ன இருக்கு? சொட்டுதுன்னு இருக்கா? அதை நிறுத்திட்டுப் போங்க. நாலு மணிக்கு ஆள் வருது."

அவன் தாளை எடுத்துப் பிரித்தான். கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறவனுக்குத் தாளில் அடிக்காத இனம் ஒன்று மிஞ்சினால் என்ன பேச்சு விழும் என்று அவளுக்கும் தெரியும். "சரிம்மா. தற்காலிகமாத்தான்" என்று மேலே போனான். கெட்டி ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை வால்வின் மூக்கில் ஏற்றி, மடித்து, செம்புக்கம்பியால் நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டான். சொட்டு நின்றது. பதினோராம் எண்ணுக்கு நேராக வார்டனம்மா தன் கையால் எழுதினாள்: 'சொட்டு நின்றது. சரி.' கீழே கையெழுத்து.

நான்கு மணிக்குச் செயலாளர் வந்தார். உலர்ந்த தரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் பாராட்டு என்று வார்டனம்மாவுக்குத் தெரியும். அன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்து காபி குடித்தாள்.

எட்டாம் தேதி வாளியக்கா நீல வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"வார்டனம்மா, சொட்டு நின்னு போச்சு."

"நிக்கணும்னுதானே நிறுத்தினது?"

"நின்னது சரிம்மா. ஆனா அது முனகுது. வயித்து வலிக்காரி மாதிரி உள்ளயே முனகுது. குழாயைத் திறந்தா தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஆவி சீறுது. முன்னாடி இப்படி இல்ல. அந்தக் கட்டை அவுத்துட்டு வாளியே வச்சுக்கலாம்மா. வாளி இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

"கடிதம் இந்த மாசத்துக்குப் போயாச்சு. அடுத்ததுல எழுதறேன்" என்றாள் வார்டனம்மா. எழுதவும் செய்தாள். நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில், அடுத்த மாதத் தேதியைப் போட்டு, 'இரண்டாம் மாடி கீசர், முனகல் சத்தம், எலக்ட்ரீஷியன் தாள்' என்று அழகாகக் குறித்து வைத்தாள். குறித்து வைத்ததும் காரியம் முடிந்த மாதிரி ஒரு திருப்தி. இந்தத் திருப்திதான் மனுஷரைக் கெடுக்கிறது. எழுதிவிட்டால் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பன்னிரண்டாம் தேதி காலையில் அவசரமாகக் கிளம்பிய யாரோ கீசர் சுவிட்சை அணைக்க மறந்தார்கள். பத்தரை மணிக்குக் கட்டடம் காலி. வாளியக்கா இரண்டாம் மாடியைக் கழுவப் போனாள். சுடுதண்ணீர் கொஞ்சம் கலந்தால் பாசி விடும் என்று வாளியை வைத்துக் குழாயைத் திருகினாள்.

வார்டனம்மா கீழே அலுவலகத்தில் இருந்தாள். முதலில் கேட்டது அலறல் இல்லை. குக்கர் திறந்துகொண்ட மாதிரி ஒரு சீறல். அதற்குப் பிறகுதான் அலறல். முழங்கால் வலியை மறந்து அவள் படியேறி ஓடினாள். நடை முழுக்க வெள்ளைப் புகையாக ஆவி. வாளியக்கா குளியலறைக்கு வெளியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையும், கழுத்தும், தாடைவரைக்கும் சிவந்து, தோல் சுருங்கிக்கொண்டிருந்தது. இடது கை மட்டும் மேலே தூக்கியபடி இருந்தது. அந்தக் கைதான் வெளியே இருந்த சுவிட்சை அணைத்திருந்தது. வெந்துகொண்டே அதை நினைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் செயலாளர் வந்தார். கான்ட்ராக்டரும் எலக்ட்ரீஷியன், பிளம்பர் இருவரையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். இருபதாம் தேதி வர வேண்டிய எலக்ட்ரீஷியனால் அன்றைக்கே வர முடிந்தது. அவன் கீசர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, சூடு மிஞ்சினால் மின்சாரத்தை அறுக்கும் கட்டவுட்டை எப்போதோ யாரோ நேரடியாக இணைத்துவிட்டிருக்கிறார்கள். "வால்வு மூக்கைக் கட்டினதுதான் பெரிய தப்பு. அந்தம்மா சுவிட்சை அணைக்கலைன்னா டேங்க்கே வெடிச்சிருக்கும். மேல கூரையே இருந்திருக்காது."

கான்ட்ராக்டர் ரப்பர் துண்டையும் கம்பியையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்துச் சொன்னார்: "சார், அன்னிக்கு எங்க ஆளு சரி பண்ணினதுக்குத் தாள்ல கையெழுத்தே இருக்கு, அப்புறம் மறுபடி சொட்டியிருக்கும். எங்க ஆளு கட்டியிருந்தா இப்படியா இருக்கும்? பிளம்பர்னா திருகு பிளக் போட்டு அடைப்பான். இது யாரோ விவரமில்லாதவங்க வேலை. தினம் வாளி தூக்க அலுத்துப்போய் அந்தம்மாவே கட்டியிருக்கும். வேற யாருக்கு அதனால லாபம்?"

பின்னால் பிளம்பர் நின்றுகொண்டிருந்தான். அவன் தரையைப் பார்த்தான். வார்டனம்மா அவனைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தபோது, அவள் கண்ணை எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு நொடியில் இருவரும் ஒன்றும் பேசாமல் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அவன் வாயைத் திறந்தால் அவன் வேலை போகும். அவள் வாயைத் திறந்தால் அவளுடையது. வாயே திறக்காவிட்டால் வாளியக்காவுடையது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"நாளன்னிக்குக் கமிட்டி கூடுது" என்றார் செயலாளர். "நீங்க ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்துடுங்க, வார்டன். துப்புரவுப் பணியாளர் கவனக்குறைவுன்னு இருக்கட்டும். ரெண்டு வரி போதும். உங்க கடிதம்தான் பக்காவா இருக்கே, உங்க மேல ஒண்ணும் வராது."

உண்மைதான். கடிதம் பக்காவாக இருந்தது. எலக்ட்ரீஷியன் தாள், இனம் மூன்று: எழுதியிருக்கிறாள். பிளம்பர் தாள், இனம் பதினொன்று: எழுதியிருக்கிறாள். எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கோடு போட்ட தாளில் மறைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தீப்புண் வார்டில் கடைசிக் கட்டில். வாளியக்காவின் கையையும் கழுத்தையும் கட்டுப்போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்து ஸ்டூலில் அவள் மகள் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். வார்டனம்மாவைக் கண்டதும் எழுந்து இடம்விட்டாள்.

"வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள் வார்டனம்மா. கேட்டதும் தன் கேள்வியே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

"இருக்கு. இருக்காம எங்க போகும்?" வாளியக்காவுக்குத் தலையைத் திருப்ப முடியவில்லை. கூரையைப் பார்த்தே பேசினாள். "நான்தான் அதைக் கட்டினேன்னு சொல்றாங்களாமே. விடுதிப் பொண்ணுங்க வந்து சொல்லிச்சுங்க."

வார்டனம்மா போர்வை நுனியைச் சரிசெய்தாள்.

"உங்களுக்குத் தெரியும்லம்மா. நான் எதையும் அடைக்கமாட்டேன். வாளிதான் வைப்பேன். நீங்க இருக்கீங்க, நீங்க சொல்லிடுவீங்கன்னு இவகிட்டக்கூடச் சொன்னேன்." மகளைக் கண்ணால் காட்டினாள். பிறகு, ஞாபகம் வந்தவளைப் போல, "அந்த முனகலை அடுத்த லெட்டர்ல எழுதிட்டீங்களா?" என்றாள்.

"எழுதிட்டேன்" என்றாள் வார்டனம்மா. அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல், படியில் இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். தன்னைப் போல ஒழுங்கான ஆள் ஊரில் இல்லை என்று பதினொரு வருஷம் நினைத்திருந்தவளுக்கு, அந்த ஒழுங்கு எவ்வளவு கோழைத்தனம் என்று தெரிந்தால் அழுகை வராமல் என்ன வரும்? அவளைத் திட்டுவதற்கு யாரும் இல்லை. அவளை நம்புகிறவள் ஒருத்தி கட்டிலில் கிடந்தாள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது யார் என்று கேட்டால், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று 'எழுதிட்டேன்' என்றவள்தான்.

கமிட்டி அலுவலக அறையில் கூடியது. செயலாளர், இன்னும் இரண்டு உறுப்பினர்கள், கான்ட்ராக்டர், சுவரோரம் பிளம்பர். மேஜைமேல் ரப்பர் துண்டு ஒரு காகிதத்தில் வைக்கப்பட்டிருந்தது. செயலாளர் கையை நீட்டினார்.

"அறிக்கை கொண்டுவந்தீங்களா?"

"கொண்டுவந்திருக்கேன். நானே படிச்சுடறேன்" என்றாள் வார்டனம்மா. எழுந்து நின்றாள். கையிலிருந்தது ஒரே தாள். வழக்கம்போலக் கோடு, வழக்கம்போல மூன்று பத்தி.

"இடம்: இரண்டாம் மாடி கீசர். பழுது: தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை, அதனால் வால்வு சொட்டியது. இரண்டும் ஒரே பழுது. நான் இரண்டாகப் பிரித்து இரண்டு தாளில் எழுதினேன். ஐந்தாம் தேதி மத்தியானம், சொட்டை நிறுத்தக் கூடாது, இல்லையென்றால் கீசரை நிறுத்த வேண்டும் என்று பிளம்பர் என்னிடம் சொன்னார். செயலாளர் வருகிறார், தரை உலர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக, கட்டச் சொன்னது நான். சரி என்று கையெழுத்துப் போட்டதும் நான். எட்டாம் தேதி கீசர் முனகுகிறது, கட்டை அவிழ்த்துவிடலாம் என்று துப்புரவுப் பணியாளர் வந்து சொன்னார். அடுத்த மாதக் கடிதத்தில் எழுதுகிறேன் என்றேன். பன்னிரண்டாம் தேதி அவர் வெந்துபோனார். சுவிட்சை அணைத்தது அவர். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை."

கான்ட்ராக்டர் முதலில் வாயைத் திறந்தார். "மேடம், எதுக்கு இதெல்லாம்? கட்டினது உங்க துப்புரவு அம்மான்னு..."

"நான்தான் சார் கட்டினேன்" என்றான் பிளம்பர் சுவரோரமிருந்து. "பிளக் கையில இல்ல. கம்பி இருந்துச்சு, கட்டிட்டேன். அம்மா சொன்னாங்கதான். ஆனா அது என்னன்னு தெரிஞ்சவன் நான். தெரிஞ்சே கட்டினேன்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வார்டன், இந்தத் தாளை நான் வாங்கினா, நீங்க இங்க இருக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். வாங்கிக்குங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு வாங்கிக்கொண்டார்.

மாதக் கடைசிவரை இருக்கச் சொன்னார்கள். பிளம்பரைக் கான்ட்ராக்டர் அன்றைக்கே அனுப்பிவிட்டார். வாளியக்காவின் வேலை அவளுக்காகக் காத்திருக்கும், சிகிச்சை நிர்வாகத்தின் பொறுப்பு என்று தீர்மானத்தில் எழுதினார்கள். அதில் ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வார்டனம்மா மறுபடி தீப்புண் வார்டுக்குப் போனாள்.

கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, முதலில் தீர்மானத்தைப் படித்தாள். மகள் முகம் மலர்ந்தது. "பார்த்தியா, வார்டனம்மா சொல்லிடுவாங்கன்னு சொன்னேன்ல" என்றாள் வாளியக்கா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அவளைக் கும்பிட்டு அனுப்பியிருப்பார்கள். வார்டனம்மா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். கமிட்டியில் படித்த அதே தாள், நகல். அதையும் முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தாள். 'கட்டச் சொன்னது நான்' என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. நிறுத்தி, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

மகளின் கைவிசிறி நின்றுவிட்டிருந்தது. மகள் ஸ்டூலைவிட்டு எழுந்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

வாளியக்காவின் கண்ணோரத்தில் வழிந்த நீர் கழுத்துக் கட்டுக்குள் இறங்கியது. துடைக்க அவளுக்குக் கை எட்டவில்லை. வார்டனம்மா கையை நீட்டினாள். மகள் முந்திக்கொண்டு துடைத்துவிட்டாள்.

"வாளி இருக்கட்டும்னு சொன்னேனேம்மா" என்றாள் வாளியக்கா.

"சொன்ன" என்றாள் வார்டனம்மா. "நான்தான் கேக்கல."